முப்பது நொடிச் சிரிப்பு யார்மேல் விழுகிறது?

2023 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். உணவு விநியோக நிறுவனமான ஜொமேட்டோ ஒரு வேடிக்கை விளம்பரம் வெளியிட்டது. பிளாஸ்டிக் குப்பையை மறுசுழற்சி செய்தால் என்னென்ன பொருள்கள் செய்யலாம் என்று சொல்வது நோக்கம். விளக்கு, மேஜை என்று அந்தப் பொருள்களாகவே ஒரு மனிதர் நின்றார். 2001-ல் வந்த ‘லகான்’ படத்தில் ‘கச்ரா’ என்ற பாத்திரத்தில் நடித்த ஆதித்ய லாக்கியாதான் அவர். இந்தியில் கச்ரா என்றால் குப்பை. அந்தப் பெயர் ஒற்றுமைதான் விளம்பரத்தின் நகைச்சுவை.

படத்தில் கச்ரா தலித். அவரைக் கிரிக்கெட் அணியில் சேர்த்தால் நாங்கள் ஆட மாட்டோம் என்று ஊரே முரண்டு பிடிக்கும். நாயகன் அதை எதிர்த்து வாதாடுவான். தீண்டாமையைக் கேள்வி கேட்ட அந்தப் பாத்திரத்தை எடுத்து, பிறர் பயன்படுத்தும் விளக்காகவும் மேஜையாகவும் நிறுத்தியதைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். ‘மசான்’ பட இயக்குநர் நீரஜ் கெய்வான் வெளிப்படையாகக் கண்டித்தார். தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பிளாஸ்டிக் கழிவு பற்றி நகைச்சுவையாக விழிப்புணர்வு ஊட்டுவதே நோக்கம் என்று விளக்கம் கொடுத்துவிட்டு, நிறுவனம் காணொளியை நீக்கியது.

நோக்கம் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் திரையில் மனிதர் பொருளாகிறார், அவருக்குக் குப்பை என்று பெயர், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சாதி. பார்ப்பவர் கண்ணில் படுவது இந்த மூன்றும்தான். எடுத்தவர் மனசில் இருந்தது யாருக்கும் தெரியப்போவதில்லை.

இதோடு 2007-ல் வந்த ஹேப்பிடென்ட் விளம்பரத்தை வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அரண்மனையில் மின்விளக்கே கிடையாது. ஆட்கள் கூரையிலும் கம்பத்திலும் ஏறி நின்று வாயைத் திறக்க, பல்லின் பளபளப்பில் மாளிகை ஜொலிக்கும். இங்கேயும் மனிதர்தான் விளக்கு. கான் விளம்பர விழா வரை போய்ப் பரிசு வாங்கியது அந்தப் படம். அதிலும் அரசன், வேலையாள் என்ற ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் சிரிப்பு வருவது சூயிங்கம் பல்லை இவ்வளவு வெளுக்குமா என்ற மிகையிலிருந்து. விளக்காக நிற்பவர் இன்ன குலத்தவர் என்று தெரிந்தால்தான் அந்த நகைச்சுவை புரியும் என்ற நிலை அங்கே இல்லை. கச்ரா விளம்பரத்தில் அந்தப் பாத்திரம் யார் என்று தெரியாவிட்டால் நகைச்சுவையே இல்லை.

குறும் விளம்பரத்தில் இந்தச் சறுக்கல் அடிக்கடி நேரக் காரணம் நேரம். 20 அல்லது 30 நொடிக்குள் ஆளை அறிமுகம் செய்து, சிக்கலைக் காட்டி, பொருளையும் காட்டியாக வேண்டும். பாத்திரத்தை வளர்க்க இடமில்லை. அதனால் எழுதுபவர் கை தானாகவே ஆயத்த அடையாளங்களைத் தேடும்: ஒரு வட்டாரப் பேச்சு, ஒரு சாதிப் பட்டம், நெற்றியில் ஒரு குறி, தலையில் ஒரு குல்லா, அடுப்படியில் ஒரு பெண். ஆளைச் சட்டென்று புரியவைக்கும் அதே அடையாளத்தையே சிரிப்புக்கும் பயன்படுத்தும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நேரடியான வழி உண்டு: ஆளை மாற்றிப் பார்ப்பது. பெண் இருக்கும் இடத்தில் ஆண், கோவைப் பேச்சு இருக்கும் இடத்தில் சென்னைப் பேச்சு, ஒரு பெயருக்குப் பதில் வேறொரு பெயர். மாற்றிய பிறகும் சிரிப்பு வந்தால், அது பொருளையும் சூழலையும் நம்பி நிற்கிறது. செத்துப்போனால், இதுவரை சிரித்தது அந்த மனிதரைப் பார்த்து.

ஒரு கற்பனை விளம்பரத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஈரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு 20 நொடி விளம்பரம்; சத்தம் போடாத மிக்ஸி விற்க வேண்டும். முதலில் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும். கிராமத்திலிருந்து வந்த அத்தை மிக்ஸியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, “ஏனுங்க, இதுக்குள்ள ஆட்டுக்கல்லு எங்கீங்க இருக்குது?” என்று கேட்கிறார். குடும்பமே சிரிக்கிறது. மருமகன் வந்து விளக்குகிறார். இதே கேள்வியைப் பேன்ட் சட்டை போட்ட மருமகன் சென்னைத் தமிழில் கேட்பதாக மாற்றினால் யாருக்கும் சிரிப்பு வராது. ஆக, இதில் வேடிக்கையாக்கப்படுவது கொங்குத் தமிழும் கிராமமும் வயதான பெண்ணும். போதாததற்கு, மிக்ஸி சத்தம் போடாது என்ற செய்தி இதில் எங்குமே இல்லை.

சிரிப்பைப் பொருளுக்கு நகர்த்தினால் கதை மாறும். விடிகாலை. சாய்வு நாற்காலியில் தாத்தா அசந்து தூங்குகிறார். பக்கத்திலேயே அப்பா சட்னி அரைக்கிறார். மிக்ஸி சுற்றுகிறது, தாத்தா அசையவில்லை. பேத்தி காதருகே போய், மூச்சுக் காற்று மட்டும் வர, “அப்புச்சி, இட்லி ஆச்சுங்க” என்கிறாள். தாத்தா துள்ளி எழுந்து தட்டை நீட்டுகிறார். கொங்குப் பேச்சு இங்கேயும் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. ஆனால் அதை மதுரைத் தமிழாக்கினாலும், அப்பாவுக்குப் பதில் அம்மா அரைத்தாலும் சிரிப்பு குறையாது. மிக்ஸியின் ஓசைக்கு எழாதவர் இட்லி என்ற கிசுகிசுப்புக்கு எழுகிறார் என்பதுதானே வேடிக்கை. அப்பாவை அரைக்கவிட்டதைத் தனியாகச் சொல்லிக் காட்டவும் தேவையில்லை.

ஆனால் ஆணைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பிரிட்டனில் 2019-ல் பிலடெல்பியா பாலாடைக்கட்டிக்கு ஒரு விளம்பரம் வந்தது. உணவு பரிமாறும் சுழல் பட்டையில், சாப்பாட்டு ஆசையில் இரண்டு அப்பாக்கள் தங்கள் கைக்குழந்தைகளை மறந்து வைத்துவிடுவார்கள். குழந்தைகள் தட்டுகளோடு சுற்றிக்கொண்டு போகும். ஆண்களுக்குப் பிள்ளை பார்க்கத் தெரியாது என்ற எண்ணத்தை இது வளர்க்கிறது என்று புகார்கள் போயின. வேடிக்கைக்குத்தான் என்ற விளக்கத்தை அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் ஏற்கவில்லை. விளம்பரத்துக்குத் தடை விதித்தது.

இந்தியாவிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். 1985-ல் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிமுறை, இனம், சாதி, நிறம், மதம், பாலினம், நாடு எதையும் இழிவுபடுத்தக் கூடாது என்கிறது. பாலினச் சித்திரிப்புக்கென்று 2022-ல் அது தந்த வழிகாட்டி, வழக்கமான ஆண்-பெண் அச்சில் அடங்காதவர்களைக் கேலி செய்யக் கூடாது என்று சொல்லி, நகைச்சுவையையும் அதற்குள் சேர்த்திருக்கிறது. ‘சும்மா ஜோக்குதானே’ என்பது அங்கே பதிலாகாது.

மதத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. கேலியே இல்லாவிட்டாலும் சூழல் காயப்படுத்தும். 2017 துர்கா பூஜை நேரத்தில், தேவியும் பிள்ளைகளும் அழகு நிலையத்தில் ஒப்பனை செய்துகொள்வதாக ஜாவேத் ஹபீப் நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. தெய்வத்தைப் பழித்து அதில் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. வழிபடுபவர்கள் மனம் புண்பட்டது, ஹபீப் மன்னிப்புக் கேட்டார். ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது, ஏனென்றால் தெய்வத்துக்கு மாற்று ஆள் கிடையாது. பூஜிக்கப்படும் உருவத்தைக் கடைச் சரக்கோடு சேர்க்காமல் இருப்பது ஒன்றே வழி.

பொருளின் மேல் சிரிப்பை வைத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஃபெவிகால் பேருந்து விளம்பரம் சாட்சி. ராஜஸ்தான் மணல்வெளியில் ஒரு பேருந்து குலுங்கிக் குலுங்கிப் போகிறது. கூரையிலும் பக்கவாட்டிலும் பின்னாலும் ஆட்கள் அப்பிக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர்கூட விழவில்லை. வண்டி கடந்து போகும்போது அதன் பின்புறத்தில் ஃபெவிகால் விளம்பரம் தெரிகிறது. வசனமே கிடையாது. எல்லாரும் கிராமத்து மக்கள்தான், தலைப்பாகையும் வண்ணச் சேலையும் இருக்கின்றன. ஆனால் நாம் சிரிப்பது பசையின் பிடிமானத்தைப் பார்த்து. பியூஷ் பாண்டேயின் ஓகில்வி குழு உருவாக்கிய அதற்கு 2002-ல் கான் விழாவில் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது.

ஆகவே விளம்பரம் எடுக்கும் கடைக்காரர்களும் இளம் இயக்குநர்களும் ஒன்று செய்யலாம். கேமராவை வாடகைக்கு எடுப்பதற்கு முன், திரைக்கதையில் வரும் ஊரையோ சமூகத்தையோ சேர்ந்த ஒருவரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அவர் சிரிக்காமல் முகம் சுருங்கினால், ஏன் என்று வாதாடாமல் அந்த வரியை அப்போதே மாற்றிவிடுங்கள். காகிதத்தில் அதற்குச் செலவு ஒன்றுமில்லை.