ஒரே எக்ஸ்பர்ட் வாசல்ல ஏன் இவ்வளவு கூட்டம்?

போன எபிசோட்ல டிரான்ஸ்ஃபார்மரோட உள்ளே போய் அட்டென்ஷன் பார்த்தோம். இந்த எபிசோட்ல அதுக்கு அடுத்து வர லேயரைப் பார்க்கலாம். நேரா ஒரு கணக்குலருந்து ஆரம்பிக்கிறேன்.

2023 டிசம்பர்ல மிஸ்ட்ரல் கம்பெனி மிக்ஸ்ட்ரல் 8x7B-ன்னு ஒரு மாடல் வெளியிட்டாங்க. பேரைப் பார்த்தா எட்டு ஏழு ஐம்பத்தாறு, அப்போ 56 பில்லியன் பாராமீட்டர்னுதான் தோணும். ஆனா மொத்தமே 46.7 பில்லியன்தான். அதுலயும் ஒரு டோக்கனுக்கு வேலை செய்யறது 12.9 பில்லியன் மட்டும். ஏன்னா இது எட்டு தனித்தனி மாடல் கிடையாது. அட்டென்ஷன் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு லேயர்லயும் அட்டென்ஷனுக்கு அடுத்து வர ஃபீட் ஃபார்வர்ட் பகுதி மட்டும் எட்டு பிரதியா இருக்கு. அந்த ஒவ்வொரு பிரதியையும்தான் எக்ஸ்பர்ட்னு சொல்றாங்க. ஒரு டோக்கன் வரும்போது எட்டுல எந்த ரெண்டுக்கு அனுப்பணும்னு முடிவு பண்ற குட்டி லேயருக்குப் பேர் ரவுட்டர். அது ஒவ்வொரு எக்ஸ்பர்ட்டுக்கும் ஒரு ஸ்கோர் போடும். அதிக ஸ்கோர் வாங்கின ரெண்டு எக்ஸ்பர்ட் மட்டும் ஓடும். ரெண்டோட அவுட்புட்டையும் ஸ்கோர் விகிதத்துல கலந்து அடுத்த லேயருக்கு அனுப்பிடும்.

எக்ஸ்பர்ட்ங்கிற பேரை வச்சு ஒண்ணு கணக்கு வாத்தியார், ஒண்ணு வக்கீல், ஒண்ணு டாக்டர்னு கற்பனை பண்ணாதீங்க. மிக்ஸ்ட்ரல் டீமே தேடிப் பார்த்தாங்க. பாடவாரியா பிரிஞ்சதுக்குத் தெளிவான அடையாளம் கிடைக்கல. பைதான் கோட்ல வர `self`, வரிக்கு முன்னாடி விடுற இடைவெளி, இந்த மாதிரி எழுத்தமைப்பு சார்ந்த டோக்கன்கள்தான் ஒரே எக்ஸ்பர்ட்டுக்கு அடிக்கடி போயிருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்காம டிரெயினிங்ல தானா அமையுற பிரிவு அது.

தானா அமையுதுங்கிற இடத்துலதான் சிக்கலும் ஆரம்பிக்குது.

நாலு பேர் புதுசா பரோட்டா போடக் கத்துக்கிற ஒரு கடையை நினைச்சுக்கோங்க. முதல் நாள் நாலு பேருக்கும் ஒரே அளவுதான் தெரியும். தற்செயலா ஒருத்தர் கொஞ்சம் நல்லா போடுறார். சூப்பர்வைசர் அடுத்த ஆர்டரையும் அவர்கிட்டயே கொடுக்கிறார். அவருக்குப் பழக்கம் ஏறுது, இன்னும் நல்லா போடுறார், இன்னும் ஆர்டர் வருது. மத்த மூணு பேர் கையில மாவே படல. ஒரு மாசம் கழிச்சு அந்த ஒருத்தர்தான் கெட்டிக்காரர்னு சூப்பர்வைசர் சொன்னா, அது உண்மையும்கூட. ஆனா அந்த உண்மையை உண்டாக்கினதே அவர்தான்.

ரவுட்டர் விஷயத்துல இதுதான் அப்படியே நடக்குது. ஒரு டோக்கனுக்குத் தேர்வாகாத எக்ஸ்பர்ட்டுக்கு அந்த டோக்கன்லருந்து கிரேடியன்ட் வராது; அதனால அது எதையும் கத்துக்காது. 2017-ல நோம் ஷசீர் குழு கூகுள்ல இந்த லேயரை எல்.எஸ்.டி.எம். மாடல்களுக்கு நடுவுல வச்சு ஆயிரக்கணக்கான எக்ஸ்பர்ட் வரைக்கும் கொண்டுபோனப்பவே இதைப் பார்த்து எழுதிட்டாங்க: சும்மா விட்டா ரவுட்டர் ஒரு சிலரையே திரும்பத் திரும்பக் கூப்பிடும்.

இதுல நஷ்டம் எவ்வளவுன்னு ஒரு சின்னக் கணக்குல பார்க்கலாம். நாலு எக்ஸ்பர்ட், ஒவ்வொண்ணும் ஒரு ஜிபியுல. ஒரு பேட்ச்ல 1000 டோக்கன், ஒரு டோக்கனுக்கு ஒரு எக்ஸ்பர்ட். சமமா பிரிஞ்சா ஆளுக்கு 250. நம்ம ரவுட்டர் முதல் எக்ஸ்பர்ட்டுக்கு 700, மத்த மூணுக்கும் 100, 100, 100 அனுப்புதுன்னு வைங்க. அடுத்த லேயர் ஆரம்பிக்கணும்னா நாலும் முடிஞ்சாகணும். அதனால 250 டோக்கனுக்கான நேரத்துல முடிய வேண்டியது 700 டோக்கனுக்கான நேரத்தை எடுத்துக்கும், கிட்டத்தட்ட 2.8 மடங்கு. மூணு ஜிபியு வாடகைக்கு எடுத்தும் பெரும்பாலான நேரம் சும்மா நிக்குது. அது ஒரு பக்கம். காசு கொடுத்து வச்சிருக்கற பாராமீட்டர்ல முக்கால் பங்கு அரைகுறையா கத்துக்கிட்டு நிக்கறது இன்னும் மோசம்.

2021-ல கூகுள்லருந்து வந்த ஸ்விட்ச் டிரான்ஸ்ஃபார்மர் பேப்பர் இதுக்கு ரெண்டு வேலை செஞ்சது. முதல்ல ஒவ்வொரு எக்ஸ்பர்ட்டுக்கும் ஒரு கொள்ளளவு. சராசரியை 1.25 ஆல பெருக்கினா நம்ம கணக்குல 312 டோக்கன். அதுக்கு மேல வரிசையில நிக்கிற 388 டோக்கனுக்கு அந்த லேயர்ல எக்ஸ்பர்ட்டே கிடையாது. ரெசிடுவல் கனெக்‌ஷன் வழியா வந்த மாதிரியே கடந்து போயிடும். எரர் எதுவும் வராது. அதனாலதான் இது கண்ணுக்குத் தெரியாது.

ரெண்டாவதா லாஸோட இன்னொரு சின்ன லாஸைச் சேர்த்தாங்க:

```
L = α · N · Σ f_i · P_i
```

`N` எக்ஸ்பர்ட் எண்ணிக்கை. `f_i` அந்த எக்ஸ்பர்ட்டுக்கு உண்மையில போன டோக்கன்களோட பங்கு. `P_i` ரவுட்டர் அதுக்குக் கொடுத்த நிகழ்தகவோட சராசரி. எல்லாம் சமமா இருந்தா கால் × கால் நாலு தடவை, மொத்தம் 0.25, நாலால பெருக்கினா 1. நம்ம கோணல் கேஸ்ல `f` 0.7, 0.1, 0.1, 0.1. `P` 0.55, 0.15, 0.15, 0.15-ன்னு வச்சா கூட்டல் 0.43, நாலால பெருக்கினா 1.72. கூட்டம் ஒரு பக்கம் சாய்ஞ்சா அபராதம் ஏறுது.

எதுக்கு ரெண்டு அளவு, `f` மட்டும் போதாதான்னு கேக்கலாம். `f` வெறும் எண்ணிக்கை. டோக்கன் இங்க போச்சா அங்க போச்சான்னு எண்ணினது. அது வழியா கிரேடியன்ட் பாயாது. `P` வழியா பாயும். அதனால `f` எவ்வளவு பெருசோ, அவ்வளவு பலமா அந்த எக்ஸ்பர்ட்டோட `P` கீழே தள்ளப்படும். எனக்கு இந்த ஃபார்முலாவுல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஆனா `α` எவ்வளவு வைக்கிறது? அவங்க 0.1-லருந்து 0.00001 வரைக்கும் சோதிச்சு 0.01-ல நின்னாங்க. ரொம்பக் குறைச்சா கூட்டம் கலையாது. ரொம்ப ஏத்தினா, ரவுட்டருக்கு அடுத்த வார்த்தையைச் சரியா கணிக்கிறதை விட எல்லாருக்கும் சமமா பங்கு போடுறதுதான் முக்கியமாயிடும். ஒரு டோக்கனுக்கு எந்த எக்ஸ்பர்ட் பொருத்தம்னு நல்லா தெரிஞ்சாலும், அங்க கூட்டம்னு அந்த ஸ்கோரையே குறைச்சு எழுதக் கத்துக்கும். ஒரே ரவுட்டரை ரெண்டு கிரேடியன்ட் ரெண்டு திசையில இழுக்குது. பல வருஷம் இந்த இழுபறியோடதான் பலரும் ஓட்டினாங்க.

2024-ல டீப்சீக் குழு கேட்ட கேள்வி எளிமையானது: கூட்டத்தைக் கலைக்க கிரேடியன்ட் எதுக்கு? ஒவ்வொரு எக்ஸ்பர்ட்டுக்கும் பயஸ்னு ஒரு எண்ணை வச்சுக்கிட்டாங்க. அதை மாடல் கத்துக்கிறதில்ல. ஒவ்வொரு ஸ்டெப் முடிஞ்சதும் எண்ணிப் பார்த்து, கூட்டம் அதிகமான எக்ஸ்பர்ட்டுக்கு ஒரு துளி குறைக்கிறாங்க, காலியா இருந்ததுக்கு ஒரு துளி ஏத்துறாங்க.

```
chosen = topk(score + bias, k)
weight = score[chosen]
bias  += gamma * sign(mean_load - load)
```

முதல் ரெண்டு வரியைக் கவனிங்க. யாரைத் தேர்ந்தெடுக்கணுங்கிறதுக்கு பயஸ் சேர்த்த ஸ்கோர். தேர்ந்தெடுத்த பிறகு அவங்க பேச்சுக்கு எவ்வளவு மதிப்புங்கிறதுக்கு பழைய ஸ்கோர், பயஸ் இல்லாம.

ஒரு உதாரணம். கூட்டமான எக்ஸ்பர்ட் ஏ-யோட பயஸ் -0.03, காலியான பி-யோட பயஸ் +0.02. ஒரு டோக்கனுக்கு ஏ 0.62, பி 0.58. பயஸ் சேர்த்தா 0.59-க்கு எதிரா 0.60, டோக்கன் பி-க்குப் போயிடும். இன்னொரு டோக்கனுக்கு ஏ 0.90, பி 0.30. பயஸ் சேர்த்தாலும் 0.87, 0.32, ஏ-கிட்டயேதான் போகும். அதாவது எங்க போனாலும் பெரிய வித்தியாசமில்லாத, எல்லையில நிக்கிற டோக்கன்கள்தான் முதல்ல நகருது. ஏ கட்டாயம் வேணுங்கிற டோக்கனை யாரும் தொடல. மெயின் லாஸோட கிரேடியன்ட்டும் கலங்கல.

2024 டிசம்பர்ல வந்த டீப்சீக்-வி3 இந்த முறையிலதான் டிரெயின் ஆச்சு. மொத்தம் 671 பில்லியன் பாராமீட்டர், ஒரு டோக்கனுக்கு 37 பில்லியன். எக்ஸ்பர்ட் இருக்கிற ஒவ்வொரு லேயர்லயும் 256 பேர்ல 8 பேரைத் தேர்ந்தெடுக்கும். கூடவே தேர்வே இல்லாம எல்லா டோக்கனும் போற பொது எக்ஸ்பர்ட் ஒண்ணு. `gamma` 0.001. ஒரு பயஸ் 0.05 நகரணும்னாலே ஒரே திசையில 50 ஸ்டெப் ஆகும், அவ்வளவு நிதானம். 14.8 டிரில்லியன் டோக்கன்ல முதல் 14.3 டிரில்லியன் வரைக்கும் அப்படி. கடைசி 500 பில்லியனுக்கு `gamma` பூஜ்யம், பயஸ் அப்படியே உறைஞ்சிடும். டிரெயினிங்ல ஒரு டோக்கனைக்கூட கைவிடலைன்னு அவங்க அறிக்கை சொல்லுது. பழைய லாஸை முழுசா தூக்கிப் போடல. ஒரே சீக்வென்ஸுக்குள்ள ரொம்பச் சாய்ஞ்சிடாம இருக்க 0.0001 அளவுல வச்சிருக்காங்க.

அந்த எண் ஏன் அவ்வளவு சின்னதுன்னா, எதுக்குள்ள சமம் பார்க்கிறோங்கிறது முக்கியம். ஒரு சீக்வென்ஸ் முழுக்க பைதான் கோட்னு வைங்க. அதுக்குள்ளயே எல்லா எக்ஸ்பர்ட்டுக்கும் சமமா பிரிக்கணும்னு அழுத்தினா, கோட் நல்லா தெரிஞ்ச எக்ஸ்பர்ட்னு ஒண்ணு உருவாகவே முடியாது. பெரிய பேட்ச் முழுக்கச் சேர்த்து சமமா இருந்தா போதும்.

நீங்களே ஒரு சின்ன மாடல் டிரெயின் பண்ணிப் பார்த்தா, லாஸ் கோட்டை மட்டும் நம்பாதீங்க. எக்ஸ்பர்ட்ல பாதி செத்துக் கிடந்தாலும் லாஸ் அழகா இறங்கிக்கிட்டுத்தான் இருக்கும், மிச்சம் இருக்கற பாதி கத்துக்குதே. அதிகபட்ச லோட்லருந்து சராசரியைக் கழிச்சு, சராசரியால வகுங்க. நம்ம கணக்குல 700-லருந்து 250 போக 450. 250-ஆல வகுத்தா 1.8. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும். இதை லேயர் லேயரா தனித்தனியா வரையணும். எல்லா லேயரையும் சராசரி எடுத்தா ஒரு லேயர் சரிஞ்சது மத்ததுல மறைஞ்சிடும்.

டிரெயினிங் முடிஞ்சாலும் கூட்டம் முடியறதில்ல. பயனர்கள் என்ன கேட்பாங்கன்னு மாடலுக்குத் தெரியாது. திடீர்னு எல்லாரும் கோட் எழுதச் சொன்னா அந்த நேரத்துக்குச் சில எக்ஸ்பர்ட் வாசல்ல மறுபடியும் வரிசை நிக்கும். அப்போ பயஸை மாத்தினா மாடலோட பதிலே மாறிடும். அதனால டீப்சீக்-வி3 சர்வர்கள்ல கூட்டமான எக்ஸ்பர்ட்டையே இன்னொரு ஜிபியுல நகல் எடுத்து வச்சாங்க. ப்ராம்ப்ட்டைப் படிக்கிற கட்டத்துக்கு 32 நகல். யாருக்கு நகல் வேணுங்கிறதை 10 நிமிஷத்துக்கு ஒரு தடவைங்கிற மாதிரி இடைவெளியில கணக்கெடுத்து மாத்தினாங்க.