இணையம் மெதுவா, கணினி மெதுவா?

இணையப் பக்கம் ஒன்று திரையில் தெரிவதற்கு இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். பக்கத்துக்கான தரவு வலையமைப்பு வழியே வந்து சேர வேண்டும். வந்த தரவைக் கணினி பிரித்துப் படித்து, அதிலுள்ள நிரல்களை ஓட்டி, படங்களை விரித்துத் திரையில் வரைய வேண்டும். எது தாமதமானாலும் பார்ப்பவருக்குத் தெரிவது சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு வட்டம் மட்டுமே. பழி பெரும்பாலும் வைஃபை மீது விழுகிறது. கூடுதல் வேக இணைப்புக்குப் பணம் கட்டியபின்தான் பலருக்குக் கோளாறு கணினியில் இருந்தது தெரியவருகிறது. விண்டோஸ் கணினியில் இதைக் கண்டறிய எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். கூடவே வரும் டாஸ்க் மேனேஜர் போதும்.

Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். விண்டோஸ் 10-இல் சிறிய சன்னல் மட்டும் வந்தால் அடியில் உள்ள `More details` என்பதை அழுத்த வேண்டும். `Processes` பக்கத்தின் மேல்வரிசையில் `CPU`, `Memory`, `Disk`, `Network` என நான்கு தலைப்புகளும், அவற்றுக்கு மேலே சதவீதங்களும் இருக்கும். தலைப்பை அழுத்தினால் அதை அதிகம் பயன்படுத்தும் நிரல் பட்டியலின் உச்சிக்கு வரும்.

எப்போது பார்ப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். `Performance` பக்கத்தின் வரைபடம் வழக்கமாகக் கடந்த 60 நொடிகளை மட்டுமே காட்டும். தாமதம் தீர்ந்த பிறகு திறந்து பார்த்தால் எல்லாம் நலமாகவே தெரியும். ஆகவே டாஸ்க் மேனேஜரை முன்கூட்டியே திறந்து ஓரமாக வைத்துவிட்டு, தாமதமாகும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதேபோல, கணினியை இயக்கியவுடன் வைரஸ் தடுப்பு நிரலும் விண்டோஸ் புதுப்பிப்பும் வட்டை முழுமூச்சாகப் பயன்படுத்துவது இயல்பு. அந்த முதல் சில நிமிடங்களில் தெரியும் எண்களை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

வீடுகளில் இன்னும் பரவலாக இருக்கும் ஒரு வகை மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பிரவுசரில் பதினைந்து டேப்கள் திறந்திருக்கின்றன, ஒன்றில் பிள்ளையின் இணையவழி வகுப்பு ஓடுகிறது. படம் உறைந்து உறைந்து வருகிறது. புதிய டேப் திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. அதே வைஃபையில் உள்ள கைபேசியிலோ காணொளி தடங்கலின்றி ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் தெரிபவை: `CPU` 30 சதவீதம், `Memory` 93, `Disk` 100.

இதில் முதலில் கண்ணில் படுவது வட்டின் 100. வட்டு தேய்ந்துவிட்டதோ என்று தோன்றும். ஆனால் `Performance` பக்கத்தில் `Disk` பகுதியைத் திறந்தால் வேறு இரண்டு எண்கள் கதையைச் சொல்கின்றன. படிக்கும் வேகம் நொடிக்கு 1 எம்பி அளவில்தான் இருக்கிறது. `Average response time` மட்டும் 400 மில்லிநொடிக்கு மேல் போகிறது. பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது இதே வட்டு நொடிக்கு 80, 100 எம்பி வரை தரக்கூடியது. இப்போது இவ்வளவு குறைவாகத் தந்தும் நூறு சதவீதம் வேலையாக இருப்பது எப்படி?

அந்தச் சதவீதம் வட்டு எவ்வளவு தரவு தந்தது என்பதைக் காட்டுவதில்லை, எவ்வளவு நேரம் ஓய்வின்றி இருந்தது என்பதையே காட்டுகிறது. சுழலும் வட்டில் ஒவ்வொரு துண்டையும் எடுக்க, படிக்கும் முனை அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். துண்டுகள் சிதறிக் கிடந்தால் நொடிக்கு நூறு முறை எடுப்பதே பெரிய காரியம். ஒரு முறைக்குக் கிடைப்பதோ சில கிலோபைட்தான். ஆக, அது முழு நேரமும் உழைத்தும் கையளவே தருகிறது.

அத்தனை சிறு துண்டுகளைக் கேட்பது யார்? விடை அந்த 93 சதவீதத்தில் இருக்கிறது. ரேம் நிரம்பும்போது விண்டோஸ், அப்போதைக்குப் பயன்படாதவற்றை வட்டில் உள்ள `pagefile.sys` என்ற கோப்புக்குத் தள்ளிவிடுகிறது. பயனர் அந்த டேப்புக்குத் திரும்பியதும் அவற்றை மீண்டும் ரேமுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு இடம்விட வேறொன்றை வெளியே தள்ள வேண்டும். இந்தப் போக்குவரத்துதான் வட்டை மூச்சுத்திணற வைக்கிறது. உறுதிப்படுத்த, Windows விசையையும் R-ஐயும் அழுத்தி `resmon` என்று தட்டி ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, அதன் `Memory` பக்கத்தில் `Hard Faults/sec` என்ற பத்தியைப் பார்க்கலாம். ஒரு நிரலைத் திறக்கும்போது அந்த எண் சற்று ஏறி இறங்குவது சாதாரணம். எதையும் திறக்காதபோதும் நூற்றுக்கணக்கில் நின்றால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம்.

இனி சோதனையை முடிக்கலாம். வகுப்பு நடக்கும் டேப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடினால் `Memory` 70-க்கு இறங்குகிறது. சற்று நேரத்தில் `Disk` ஒற்றை இலக்கத்துக்கு வருகிறது, படமும் சீராகிறது. இணைப்பில் எதுவுமே மாறவில்லை. எந்த டேப் அதிகம் தின்கிறது என்று அறிய க்ரோமிலும் எட்ஜிலும் Shift, Esc இரண்டையும் அழுத்தினால் பிரவுசரின் சொந்தப் பட்டியல் வரும். நிரந்தரத் தீர்வு ரேமை 8 ஜிபியாக உயர்த்துவது. வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் நகரும் முனை இல்லாததால் தாமதம் பெருமளவு குறையும், ஆனால் ரேம் பற்றாக்குறை அப்படியே இருக்கும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் உண்டு என்றால், `Memory` எப்போதும் 90-ஐ ஒட்டி நிற்கும் கணினிக்கு ரேமே முதலில். `Memory` 60-இல் இருக்கும்போதே வட்டு அடிக்கடி நூறைத் தொட்டால் எஸ்எஸ்டி முதலில்.

பிராசசர் விஷயத்தில் 100 என்ற எண்ணை மட்டும் தேடினால் ஏமாற நேரிடும். பல நிரல்கள் முக்கிய வேலையை ஒரே வரிசையாகச் செய்பவை. எட்டு தருக்கப் பிராசசர்கள் உள்ள கணினியில் அத்தகைய நிரல் ஒன்று தன்னால் இயன்ற உச்சத்தில் ஓடினாலும் மொத்தக் கணக்கில் சுமார் 12, 13 சதவீதம்தான் தெரியும். அந்த நிரல் திணறிக்கொண்டிருக்கும், மேலே உள்ள எண்ணோ கணினி சும்மா இருப்பதாகச் சொல்லும். ஒரே நிரலின் எண் இந்த அளவில் அசையாமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். `CPU` வரைபடத்தின் கீழே `Speed` என்ற எண்ணும் இருக்கும். கடும் வேலையின்போது அது `Base speed` என்று குறித்துள்ளதைவிட நன்றாகக் குறைந்துபோனால், பெரும்பாலும் சூடு தாங்காமல் பிராசசர் தன்னைத்தானே மட்டுப்படுத்திக்கொள்கிறது. காற்று வெளியேறும் வழியில் அடைந்த தூசியே அதற்குப் போதுமான காரணம். வேலை இல்லாதபோது வேகம் குறைவது மின்சேமிப்புக்காக, அதில் கோளாறு ஏதுமில்லை.

திணறும் கணினியில் இணைய வேகச் சோதனை நடத்தி, வந்த எண்ணை நம்புவதும் தவறு. பிரவுசரில் ஓடும் அந்தச் சோதனைக்கும் பிராசசரும் ரேமும் வேண்டும். அவை கிடைக்காவிட்டால் 100 எம்பிபிஎஸ் இணைப்பும் பாதியாகத் தெரியலாம். எனவே முதலில் மூன்று எண்களையும் அடக்கிவிட்டு, பிறகே வேகத்தை அளக்க வேண்டும்.

`CPU`, `Memory`, `Disk` மூன்றும் தாழ்ந்து இருக்கின்றன, எந்த ஒரு நிரலும் உச்சத்தில் நிற்கவில்லை, கணினியில் உள்ள கோப்புகளும் உடனே திறக்கின்றன, பக்கம் மட்டும் காத்திருக்கிறது என்றால் கணினி மீதான சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிடும். அப்போது `Network` பத்தியைப் பார்க்கலாம். பின்னணியில் ஏதேனும் நிரல் கோப்புகளை ஏற்றியோ இறக்கியோ இணைப்பை அடைத்துக்கொண்டிருந்தால் அது பட்டியலின் உச்சியில் பெயரோடு நிற்கும். அதுவும் காலியாக இருந்தால், தேட வேண்டிய இடம் ரவுட்டரிலோ சேவை நிறுவனத்தின் இணைப்பிலோ அந்த இணையதளத்தின் சர்வரிலோ இருக்கிறது.