நைனா 'கேக்கும்' என்று எழுதினால், 'கேட்பார்' என்று திருத்தலாமா?

ஷிப்ட் மாறும் நேரத்தில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களின் பேச்சிலேயே பாதி தமிழ்நாடு காதில் விழும். ஒருவர் 'வந்துகினு இருக்கேன்' என்பார், பக்கத்தில் நிற்பவர் 'அவுக வந்தாக' என்பார். மூன்றாமவர் போனில் 'சொல்லுங்கொ' என்று இழுப்பார்.

ஒரு பேச்சுக்கு, இவர்களில் இருபது பேர் தங்கள் வாழ்க்கையை ஆளுக்கொரு கட்டுரையாக எழுதித் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைப் புத்தகமாக்குபவருக்கு இரண்டு பக்கமும் சிக்கல். எல்லாவற்றையும் 'நல்ல தமிழில்' திருத்தினால், இருபது பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுவார்கள். கை வைக்காமல் விட்டால், இருபது காகிதங்களைச் சேர்த்துத் தைத்த கட்டாகத்தான் இருக்கும், புத்தகமாக இருக்காது.

ஒரே கேள்வி, 32 பதில்கள்

இந்தச் சிக்கலைச் சந்தித்த தமிழ்ப் புத்தகம் ஒன்று உண்டு. எழுத்தாளர் பெருமாள்முருகன் பதிப்பித்த 'சாதியும் நானும்'. 2013-ல் காலச்சுவடு வெளியிட்டது. நாமக்கல்லில் நடந்த 'கூடு ஆய்வுச் சந்திப்பு' என்ற அமைப்பின் வழியாக உருவான இந்தத் தொகுப்பில் 32 கட்டுரைகள். எழுதியவர்களில் பலர் அவருடைய மாணவர்கள். பின்னாளில் இதை சி.எஸ்.லக்ஷ்மி (அம்பை) ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

இதில் சாதியால் காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள், சாதியைத் தாங்களே கடைப்பிடித்ததைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பின்னணி வேறு, அனுபவம் வேறு. ஆனாலும் புத்தகம் சிதறவில்லை. காரணம் தலைப்பிலேயே இருக்கிறது. 'சாதி உங்கள் வாழ்க்கையில் எப்படி வந்தது?' என்ற ஒரே கேள்விக்குத்தான் 32 பேரும் பதில் சொல்கிறார்கள். சாதியைப் பற்றிப் பொதுவாக யாரும் பேச முடியாது. தலைப்பில் உள்ள 'நானும்' என்ற சொல் அதற்கு இடம் தருவதில்லை.

தொகுப்பாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: புத்தகத்தைக் கட்டும் கயிறு கேள்வி. மொழிநடை அல்ல. 'தொழிற்சாலை வாழ்க்கை பற்றி எழுதுங்கள்' என்று கேட்டால் வருவது பள்ளிக்கூடக் கட்டுரை. 'முதல் சம்பளம் யார் கைக்குப் போனது?' என்று கேட்டால் இருபது பேரும் இருபது வீட்டுக் கதவைத் திறப்பார்கள்.

ஏழு டைரி, ஒரு 'நாங்கள்'

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில், கிராமங்களில் வேலை செய்த ஏழு பெண் களப்பணியாளர்கள் குழந்தைப்பருவம், திருமணம், தாய்மை, வேலை என்று தனித்தனியே டைரி எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் முன் வாசித்து, விவாதித்தார்கள். அது 2004-ல் இந்தியில் 'சங்க்தின் யாத்ரா' என்ற புத்தகமானது. 'சங்க்தின்' என்றால் அவதி மொழியில் உற்ற தோழி. 2006-ல் ஆங்கிலத்திலும் வந்தது.

இந்தப் புத்தகம் 'நாங்கள்' என்று பேசுகிறது. நடுநடுவே ஒவ்வொருவர் டைரியிலிருந்தும் சில பகுதிகள் அவரவர் குரலில் வருகின்றன. ஆசிரியர்களாக எல்லோருடைய பெயரும் இருக்கிறது. ஆனால், டைரிகளில் வரும் ஏழு பெயர்களும் மாற்றுப் பெயர்கள். அதனால் எந்த வலி யாருடையது என்று ஊர் விரல் நீட்ட முடியாது. இது பெரிய பாதுகாப்பு. அதற்கு ஒரு விலையும் உண்டு. ஒருவருடைய கதையை மட்டும் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை போவது வாசகருக்குச் சிரமம்.

எங்கே பேனா வைக்கலாம்?

கட்டுரைகளைத் தனித்தனியாகவே வைப்பது என்று முடிவானால், அடுத்த கேள்வி எதைத் திருத்துவது என்பது. ஓர் உதாரணம். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் இப்படி எழுதித் தருவதாக வைத்துக்கொள்வோம்:

"நைட் ஷிப்ட் முடிச்சி பஸ்ல ஏறனா கண்ணு சொருவுது. நைனா போன் பண்ணும். சாப்டியான்னு கேக்கும். சாப்டாமலே சாப்டேன்னு சொல்லிடுவேன். லைன்ல போர்டு வந்துகினே இருக்கும். தூக்கத்துலயும் வந்துகினே இருக்கும்."

'நல்லா' திருத்தியவர் கையில் இது இப்படி மாறும்: "இரவுப்பணி முடிந்து பேருந்தில் ஏறும்போது உறக்கம் கண்களைத் தழுவும். தந்தை அலைபேசியில் அழைத்து, உணவருந்தினாயா என வினவுவார்."

இலக்கணம் சரி, பெண்ணைத்தான் காணோம். முக்கியமாக 'கேக்கும்' என்ற சொல் போய்விட்டது. அப்பாவை அப்படிச் சொல்வது வட மாவட்டங்களில் மரியாதைக் குறைவு அல்ல, நெருக்கம். 'கேட்பார்' என்றால் அப்பா நாலடி தள்ளி நிற்கிறார்.

இங்கே தொகுப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. 'என்ன போர்டு?' என்று கேட்பது. 'டி.வி. உள்ள வைக்கிற பச்சை போர்டு' என்று அவர் சொன்னால், அதையே அவர் சொன்னபடி சேர்க்கலாம். வாசகருக்குப் புரியாத இடத்தில் கேள்வி கேட்கலாம். பதிலைத் தொகுப்பாளரே எழுதக் கூடாது.

அப்படியானால் எதை ஒரே மாதிரி ஆக்கலாம்? ஊர்ப் பெயர்களின் எழுத்து, எண்கள், தேதிகள், மேற்கோள் குறி, ஒற்றுப்பிழை. ஒருவர் 'ஷிஃப்ட்', இன்னொருவர் 'சிப்டு' என்று எழுதினால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உறவுச் சொல், வினைமுற்று, வாக்கிய நீளம் இந்த மூன்றிலும் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டால், முதல் கட்டுரைக்கு ஒரு நியாயம், பதினெட்டாவது கட்டுரைக்கு ஒரு நியாயம் என்று ஆகாது.

ஐந்து பேருக்கும் அதே முதல் நாள்

இருபது கட்டுரையில் ஐந்து, 'ஹாஸ்டலில் முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை' என்று தொடங்கலாம். தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நன்றாக இருக்கும். வரிசையாகப் படித்தால் மூன்றாவதிலேயே வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். யாருடைய ராத்திரி மிக விரிவாக இருக்கிறதோ அதை முழுசாக விட்டு, மற்ற நால்வரிடம் 'வேறு இடத்தில் தொடங்கலாமா?' என்று கேட்க வேண்டும். எதை வெட்டக் கூடாது என்று தெரிய, முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி குறித்து வைக்கலாம்: 'இவர் மட்டுமே சொல்வது என்ன?'

வரிசைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியையும் அடுத்ததன் முதல் பத்தியையும் சேர்த்து வாசியுங்கள். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பும் மகளுக்குப் பிறகு, மகள் அனுப்பும் பணத்தை எண்ணும் அம்மா வந்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு அழுகை அடுத்தடுத்து வந்தால் இரண்டாவது எடுபடாது.

அச்சுக்கு முன்...

திருத்தி முடித்ததும் எழுதியவருக்கே அதை வாசித்துக் காட்ட வேண்டும். சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வரி, வீட்டுக்குத் தெரியாத காதலைப் பற்றி ஒரு வரி இருக்கலாம். எழுதும்போது தோன்றாத பயம் அச்சில் வரும்போது தோன்றும். பெயரை மாற்றுவதா, வரியை எடுப்பதா, கட்டுரையையே திரும்பப் பெறுவதா என்பது அவர் முடிவு. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், பிரிவு, ஷிப்ட் மூன்றும் அப்படியே இருந்தால், கூட வேலை செய்பவர் ஒரு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியாக ஒரு சோதனை. கட்டுரைகளின் மேலே உள்ள பெயர்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, எழுதியவர்களைத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நாலு வரி படித்ததும் 'இது அந்தத் திருவண்ணாமலைப் பொண்ணுதானே?' என்று அவர் கேட்டால் அச்சுக்கு அனுப்பலாம். யார் யாரென்று தெரியாமல் அவர் விழித்தால், எழுதிக் கொடுத்த முதல் பிரதியைத் தேடி எடுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.