கைரேகை வேறு வழியில் வரவேண்டும்

திங்கட்கிழமை காலை டீக்குக் கிளம்பும்போது தம்பி மடிக்கணினியையும் கையோடு எடுத்துவந்தான். எங்கள் அலுவலகக் கணக்கெல்லாம் வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் இருக்கிறது. தினமும் எஸ்.எஸ்.எச். வழியாக அதற்குள் நுழைவது அவன் வேலை. அன்று நுழைய முடியவில்லை. திரையில் இப்படி இருந்தது:

```
WARNING: REMOTE HOST IDENTIFICATION HAS CHANGED!
IT IS POSSIBLE THAT SOMEONE IS DOING SOMETHING NASTY!
...
Offending ED25519 key in /home/thambi/.ssh/known_hosts:12
```

"அண்ணே, பழைய கீயை அழிக்கிற கட்டளையையும் கீழேயே காட்டுது. போட்டுடவா?" என்றான். உபுண்டுவில் அப்படித்தான், எச்சரிக்கையோடு அழிக்கும் கட்டளையும் சேர்ந்தே வரும். அதனால்தான் பலர் படிக்காமலே அதை நகலெடுத்து ஓட்டிவிடுகிறார்கள்.

"போடலாம், ஆனா அது கடைசியில செய்யற வேலை. முதல்ல உட்காரு" என்றேன்.

இந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பயமும் போகும், அவசரமும் போகும். சர்வரில் எஸ்.எஸ்.எச். நிறுவப்படும்போது அதற்கென்று வகைக்கு ஒரு ஜோடி கீ உருவாகி `/etc/ssh` அடைவில் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்று ரகசியக் கீ, அது சர்வரை விட்டு வெளியே வராது. மற்றது பொதுக் கீ, கேட்பவர்களுக்கெல்லாம் கிடைக்கும். நாம் முதன்முறை இணையும்போது அந்தப் பொதுக் கீயை நம் கணினி `known_hosts` கோப்பில் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறையிலிருந்து சர்வர் அதே கீயைக் காட்ட வேண்டும். அதற்கு இணையான ரகசியக் கீ தன்னிடம் இருப்பதை ஒரு கையெழுத்துப் போட்டு நிரூபிக்கவும் வேண்டும். பொதுக் கீயை எவரும் நகலெடுக்கலாம், அந்தக் கையெழுத்தைப் போட முடியாது.

தம்பியின் கோப்பில் 12-ஆவது வரியில் இருந்த கீ வேறு, இன்று சர்வர் காட்டிய கீ வேறு. எச்சரிக்கை சொல்வது அவ்வளவுதான். காரணம் என்னவென்று அதற்குத் தெரியாது. சர்வரில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவியிருக்கலாம். பழைய ஐ.பி. முகவரி வேறொரு இயந்திரத்துக்குப் போயிருக்கலாம். அல்லது நடுவழியில் ஒருவன் நின்று, தானே அந்தச் சர்வர் என்று நடிக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே எழுத்துகள்தான்.

"அப்போ என் பாஸ்வேர்ட் போயிடுச்சா?" என்றான். போகவில்லை. கீயைச் சரிபார்ப்பது முதலில், பாஸ்வேர்ட் கேட்பது அதற்குப் பிறகு. எச்சரிக்கை வந்த இடத்திலேயே இணைப்பு நின்றுவிட்டது. ஆபத்து, அதை மீறி உள்ளே போகும்போதுதான். பாஸ்வேர்டில் நுழைபவர் என்றால், எதிர்முனையில் இருப்பவன் கையில் அது அப்படியே கிடைத்துவிடும். அதை வைத்து அவன் உண்மையான சர்வருக்குள் போவான். நாம் நம் சொந்தக் கீயில் நுழைபவர் என்றால் நிலைமை கொஞ்சம் மேல். அந்தக் கையெழுத்து அந்த ஒரு இணைப்புக்கு மட்டுமே செல்லும், அதை அவன் வேறிடத்தில் காட்ட முடியாது. ஆனாலும் போலியான ஒரு திரையைக் காட்டி, `sudo` கேட்கும் பாஸ்வேர்டை நம் கையாலேயே தட்டச்சு செய்ய வைத்துவிடுவான்.

சரி, எப்படி முடிவு செய்வது? தம்பியிடம் இப்படிக் கேட்டேன்: "புது நம்பர்ல இருந்து போன் வருது. 'மாமா பேசறேன், நம்பர் மாத்திட்டேன், அவசரமா பணம் அனுப்பு'ங்கறாங்க. என்ன செய்வே?" யோசிக்காமல் சொன்னான்: "அத்தைக்கு போன் பண்ணிக் கேப்பேன்." அதேதான். சந்தேகத்துக்குரிய எண்ணிடமே 'நீங்கள் மாமாதானே' என்று கேட்டுப் பயனில்லை. `ssh-keyscan` ஓட்டிப் புதிய கீயை வாங்கிச் சேர்ப்பவர்கள் அந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். அது அதே வழியில் போய் அதே ஆளிடம் கேட்டு வருகிறது. சரியான கீ எதுவென்ற செய்தி வேறு வழியில் வரவேண்டும்.

தம்பி சர்வரைப் பராமரிக்கும் அக்காவுக்குப் போன் செய்தான். சனிக்கிழமை வட்டு பழுதாகி, உபுண்டுவைப் புதிதாக நிறுவி, கணக்குகளைக் காப்புநகலிலிருந்து மீட்டதாக அவர் சொன்னார். `/etc/ssh` காப்புநகலில் இல்லை, அதனால் கீ புதிதாக உருவாகியிருக்கிறது. பொருத்தமான காரணம். தம்பி உடனே கட்டளையைப் போடப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன். புதிய கீ ஒன்று பிறந்திருக்கிறது என்று மட்டுமே இப்போது தெரியும். திரையில் வந்தது அந்தக் கீதானா என்பது இன்னும் தெரியாது.

அக்கா வாடகை நிறுவனத்தின் தளத்தில் நுழைந்து, அங்கே உலாவியில் திறக்கும் கன்சோலில் இதை ஓட்டினார். எஸ்.எஸ்.எச். வழியைத் தொடாமல் சர்வருக்குள் போக அது ஒரு தனி வாசல்:

```
ssh-keygen -lf /etc/ssh/ssh_host_ed25519_key.pub
```

`SHA256:` என்று தொடங்கி, அதன்பின் 43 எழுத்துகள் வந்தன. அதுதான் அந்தக் கீயின் கைரேகை. எச்சரிக்கையில் `ED25519` என்று இருந்ததால் அதே வகைக் கீயின் கைரேகையைத்தான் எடுக்க வேண்டும். அக்கா அதை அலுவலகக் குழுவில் அனுப்பினார். அதன் பிறகே தம்பி பழைய வரியை அழித்தான்:

```
ssh-keygen -R 203.0.113.25
```

மறுபடி இணைந்தபோது, முதன்முறை போல, நம்பலாமா என்று கேட்டது. 'yes' அடிக்கப் போனவனை மறுபடியும் நிறுத்தினேன். ஓபன் எஸ்.எஸ்.எச். 8.0 முதல் அந்த இடத்தில் கைரேகையையே ஒட்டலாம். அக்கா அனுப்பியதை ஒட்டினான். ஒப்பிடும் வேலையை நிரலே செய்கிறது. ஓரெழுத்து மாறினாலும் உள்ளே விடாது. முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்துத் தலையாட்டுகிற நம் கண்ணைவிட இது மேல். இணைப்பு கிடைத்தது.

பொருந்தாமல் போயிருந்தால்? செல்போன் ஹாட்ஸ்பாட்டிலிருந்து இணைந்து பார்த்திருப்போம். அங்கே சரியான கைரேகை வந்தால் கோளாறு அலுவலக இணைப்பில் இருக்கிறது. அங்கேயும் அதே தவறான கைரேகை என்றால், ஐ.பி. முகவரி இன்னும் நம்முடையதுதானா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இரண்டிலும் உள்ளே போவதில்லை.

பெரிய இடங்களிலும் கீ மாறுவதுண்டு. 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் ரகசியப் பகுதி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டது. அந்தக் கீயை நம்பியிருந்தவர்கள் எல்லோருக்கும் இதே எச்சரிக்கை வந்தது. புதிய கைரேகையை நிறுவனம் தன் வலைத்தளத்தில் வெளியிட்டது, வேறு வழியில்.

கைரேகை பொருந்தினால் நாம் நம் சர்வரிடம்தான் பேசுகிறோம் என்று அர்த்தம். அந்தச் சர்வருக்குள் யாரும் புகவில்லை என்று அர்த்தமல்ல. கைரேகை பொருந்தியும், கீயை மாற்றியதாக எவரும் சொல்லாவிட்டால், `/etc/ssh` கோப்புகளின் தேதியைப் பார்த்து அன்று யார் உள்ளே இருந்தார்கள் என்று தேட வேண்டும்.

டீக்கடையிலிருந்து திரும்பும்போது அக்காவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. இனி `/etc/ssh` அடைவையும் காப்புநகலில் சேர்ப்பதாகவும், கீ மாறத்தான் வேண்டுமென்றால் மாற்றிய அன்றே கைரேகையைக் குழுவில் போடுவதாகவும் எழுதியிருந்தார். சனிக்கிழமையே அது வந்திருந்தால் தம்பி மடிக்கணினியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருப்பான்.