பெரிய வட்டம், தோற்ற மருந்து

சிறுநீர்த் தொற்று உள்ள ஒருவரின் மாதிரியிலிருந்து வளர்த்த ஈ.கோலை பாக்டீரியா, வைக்கோல் நிற அகார் தட்டில் வெண்படலமாகப் படர்ந்திருக்கிறது. அதன்மேல் மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகள். சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிந்த வட்டம். வில்லையையும் சேர்த்து அதன் குறுக்களவு 21 மி.மீ. பக்கத்திலிருக்கும் ஆம்பிசிலினுக்கு 18 மி.மீ.தான். பார்த்த மாத்திரத்தில் சிப்ரோ வென்றதுபோலத் தோன்றும். அறிக்கையில் வருவதோ நேர்மாறு: ஆம்பிசிலின் கேட்கும், சிப்ரோ கேட்காது.

காரணம், வட்டத்தின் அளவு மருந்தின் வலிமையை மட்டும் காட்டுவதில்லை. வில்லையில் ஏற்றிய மருந்தின் அளவு வேறு, அகாரில் ஒவ்வொன்றும் பரவும் வேகமும் வேறு. எனவே ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொன்றின் வட்டத்தோடு ஒப்பிடக்கூடாது. அந்தந்த மருந்துக்குரிய எல்லையோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. அட்டவணைப்படி ஈ.கோலைக்கு ஆம்பிசிலின் 17 மி.மீ. தொட்டாலே போதும். சிப்ரோவுக்கு 26 வேண்டும். 21 அல்லது அதற்குக் கீழே என்றால் எதிர்ப்பு. 2019-க்கு முந்தைய அட்டவணையில் இதே 21 'கேட்கும்' பக்கத்தில் இருந்தது. பழைய தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் ஆய்வகம் அளவைச் சரியாக எடுத்தும் முடிவைத் தவறாகச் சொல்லிவிடும்.

இந்த எண்கள் ஒரே விதமாகச் செய்த சோதனைக்கு மட்டுமே பொருந்தும். வட்டத்தின் விளிம்பு ஓர் ஓட்டப்பந்தயத்தின் முடிவு: வில்லையிலிருந்து மருந்து பரவிக்கொண்டிருக்க, பாக்டீரியா பெருகிக்கொண்டிருக்கிறது. மருந்து போதிய செறிவில் வந்துசேருமுன் பாக்டீரியா அடர்ந்துவிட்ட இடத்தில் கோடு விழுகிறது. அதனால்தான் முல்லர்-ஹிண்டன் அகாரை 4 மி.மீ. ஆழத்துக்கு ஊற்றுகிறார்கள். தடித்தால் மருந்து கீழ்நோக்கியும் பரவி, வட்டம் சுருங்கும். தடவும் பாக்டீரியாக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபர்லண்ட் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். அதைவிடக் கலங்கலாக இருந்தாலும் வட்டம் சுருங்கும். வில்லை வைத்த தட்டு 15 நிமிடத்துக்குள் 35 டிகிரி சூட்டுக்குப் போக வேண்டும். மேசையிலேயே கிடந்தால் பாக்டீரியா மெதுவாக வளர, மருந்து முந்திக்கொண்டு பரவிவிடும். எதிர்ப்புள்ள கிருமிக்கும் மருந்து கேட்பதுபோன்ற பெரிய வட்டம் கிடைக்கும். 16 முதல் 18 மணி நேரம் கழித்து அளக்கிறார்கள்.

பிழை நேர்ந்ததா என்பதைக் காட்டிக்கொடுக்க, குணம் தெரிந்த ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ.கோலையையும் இதே முறையில் சோதிக்கிறார்கள். அதற்கு ஆம்பிசிலின் வட்டம் 15 முதல் 22 மி.மீ.க்குள் வர வேண்டும். 13 வந்து, மற்ற மருந்துகள் சரியாக இருந்தால், ஈரம்பட்ட அல்லது காலாவதியான ஆம்பிசிலின் வில்லைமீதுதான் முதல் சந்தேகம். எல்லா வட்டங்களும் சேர்ந்து சுருங்கியிருந்தால் அகாரின் ஆழத்தையும் கரைசலின் கலங்கலையும் பார்க்க வேண்டும். காரணம் பிடிபடும்வரை நோயாளியின் முடிவை வெளியிடுவதில்லை.