செயலில் தொடங்கும் இன்றைய சிந்தனை

நம் பள்ளிகளில் பிரேயர் என்று அழைக்கப்படும் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்திகள் என்று வரிசையாக நடக்கும். அவற்றுக்கு நடுவே ‘இன்றைய சிந்தனை’க்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று நிமிடம். முந்தைய இரவு வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு பொன்மொழியையும் நீதிக்கதையையும் ஒரு மாணவர் தாளைப் பார்த்து வாசிப்பார். “ஆகவே நாமும் நேர்மையாக வாழ்வோம்” என்று முடிப்பார். கைத்தட்டலோடு எல்லோரும் வகுப்புக்குப் போய்விடுவார்கள். அந்தக் கதை என்ன என்று மதியம் கேட்டால், பின்வரிசைப் பிள்ளைகளில் பலர் விழிப்பார்கள்.

வாசித்த பிள்ளையைக் குறை சொல்வதற்கில்லை. தயாரித்த வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் பொன்மொழி, பிறகு அதற்குப் பொருந்தும் கதை, கடைசியில் நேரம் இருந்தால் செயல் என்று போகிறோம். அப்படிப் போனால் செயல் வெறும் அறிவுரையாகச் சுருங்கிவிடும். செயலை முதலில் முடிவு செய்ய வேண்டும். இன்று மாலைக்குள், இந்தப் பள்ளி வளாகத்துக்குள், காசு செலவில்லாமல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை எது? அதை எழுதி வைத்துக்கொண்டு, அந்த வேலை ஏன் தேவை என்று காட்டும் கதையைத் தேட வேண்டும்.

ஒரு நாளைக்கான சிந்தனையை இப்படித் தயாரித்துப் பார்ப்போம். செயல்: மதிய உணவுக்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது. கதைக்கு ஏற்ற உண்மைச் சம்பவம் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மைக்கில் இப்படிச் சொல்லலாம்:

“1847-ஆம் ஆண்டு. வியன்னா நகரத்தின் பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இன்னொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். மருத்துவர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிகமாக இறந்தார்கள். அங்கே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்கள். செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணம் தேடினார். மருத்துவர்கள் பிணவறையில் உடல்களை ஆய்வு செய்துவிட்டு வார்டுக்கு வந்தார்கள். மருத்துவச்சிகள் பிணவறைக்கே போவதில்லை. ‘குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்’ என்றார் செம்மல்வைஸ். ஏப்ரல் மாதம் அந்த வார்டில் நூறு தாய்மார்களுக்கு 18 பேர் இறந்தார்கள். ஜூன் மாதம் ஏறக்குறைய 2 பேர். கிருமியால் நோய் வரும் என்பது மருத்துவ உலகத்துக்கு அப்போது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையில் ஒட்டி வருகிறது என்பதை மட்டும் அவர் கண்டுபிடித்தார்.

இன்று மதிய மணி அடித்ததும், தட்டை எடுப்பதற்கு முன்னால், குழாயடியில் சோப்பு போட்டு, ‘அ’ முதல் ‘ஃ’ வரை இரண்டு முறை நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை கைகளைத் தேய்த்துக் கழுவுவோம்.”

மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொற்கள்தான் போகும். இந்தக் கதையும் செயலும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். கதை முடியும் இடத்தைப் பாருங்கள். கையில் ஏதோ ஒட்டி வருகிறது என்ற வரியில் கதை நிற்கிறது. அடுத்த வரியே குழாயடிக்குக் கூட்டிப்போகிறது. நடுவில் “இதிலிருந்து நாம் அறியும் நீதி” என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தொடக்கப் பள்ளி என்றால் பிணவறையையும் இறப்பு எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, ‘மருத்துவர்களின் கையில் ஒட்டி வந்த ஏதோ ஒன்றால் அம்மாக்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது’ என்ற அளவில் சொல்லலாம்.

“குளோரின் போட்டுத்தானே கழுவினார்கள், சோப்பு போதுமா டீச்சர்?” என்று ஒரு பிள்ளை கேட்கலாம். பதில் தயாராக இருக்க வேண்டும். பிணவறையின் நாற்றம் சோப்பு போட்டும் கையை விட்டுப் போகவில்லை, அதனால்தான் செம்மல்வைஸ் குளோரினை எடுத்தார். நாம் விளையாடி, புத்தகம் தொட்டு, கதவைப் பிடித்து வரும் கைக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்த்துக் கிருமியைத் தோலிலிருந்து கிளப்பும். தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அந்தக் கிளப்பும் வேலைக்குத்தான் 20 நொடி தேய்க்கச் சொல்கிறார்கள். உயிர் எழுத்தும் ஆய்த எழுத்துமாக இரண்டு சுற்றுச் சொல்லி முடிக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும்.

செயலைச் சொன்ன விதத்துக்கும் காரணம் உண்டு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர், எண்ணத்தைச் செயலாக மாற்றுவது எது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். ‘இதைச் செய்வேன்’ என்று மட்டும் நினைப்பவர்களைவிட, ‘இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது நடந்ததும் இதைச் செய்வேன்’ என்று முடிவு செய்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. “சுத்தமாக இருப்போம்” என்பதில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. மேலே சொன்ன வாக்கியத்தில் மதிய மணி நேரத்தைச் சொல்கிறது, குழாயடி இடத்தைச் சொல்கிறது, தட்டு நினைவூட்டுகிறது.

இனி, பெரும்பாலான சிந்தனைகள் தோற்கும் இடத்துக்கு வருவோம். காலையில் எல்லோரும் கேட்டார்கள்; மதியம் குழாயடியில் சோப்பு இல்லை. பிரேயருக்கு முன்பே பொறுப்பாசிரியர் அங்கே போய்ப் பார்த்துவிட வேண்டும். சோப்புக் கட்டி காணாமல் போகிறதா? வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடலாம். அல்லது சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் வைக்கலாம்.

அடுத்தது நெரிசல். 120 பிள்ளைகளுக்கு 4 குழாய் என்றால், குழாய்க்கு 30 பேர். ஒவ்வொருவரும் அரை நிமிடம் குழாயை அடைத்து நின்றால் 15 நிமிடம் ஓடிவிடும். சாப்பாடு ஆறுகிறதே என்று கடைசியில் நிற்கும் பிள்ளை கையை நனைத்துக்கொண்டு ஓடிவிடும். ஆகவே நனைத்துவிட்டு, சோப்பு தடவி, விலகி நின்று தேய்த்துவிட்டு, அலசுவதற்கு மட்டும் திரும்பக் குழாய்க்கு வரச் சொல்ல வேண்டும். இரண்டிரண்டு வகுப்பாக அனுப்பினால் தள்ளுமுள்ளும் குறையும்.

எந்தச் செயலுக்கும் இந்தச் சோதனைகள் பொருந்தும். ‘ஏழைக்கு உதவி செய்வோம்’ என்றால் பையில் காசில்லாத பிள்ளை கூசிப் போகும். ‘வீட்டில் மரம் நடுவோம்’ என்றால் வாடகை வீட்டுப் பிள்ளைக்கு இடமில்லை. ‘பொய் சொல்ல மாட்டோம்’ என்பதைச் செய்தார்களா என்று யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணால் பார்க்க முடிகிற, பள்ளிக்குள்ளேயே முடிகிற வேலைதான் பிரேயருக்கு ஏற்றது.

ஒரு நாள் சொன்னால் பழக்கம் வந்துவிடாது. அதனால் வாரம் முழுக்க ஒரே செயலை வைத்துக்கொள்வது நல்லது. திங்கட்கிழமை கதை, மற்ற நாள்களில் வேறு வேறு வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை, நேற்றுக் குழாயடியில் பார்த்ததை அரை நிமிடம் சொல்லட்டும். யார் கழுவவில்லை என்று பெயர் சொல்லக்கூடாது. “ஐந்தாம் வகுப்பு வரும்போது சோப்பு தீர்ந்திருந்தது” என்பது போன்ற செய்தி போதும். ஆசிரியர் சரிசெய்ய வேண்டியது என்ன என்று அதிலிருந்தே தெரிந்துவிடும்.

சிந்தனை வேலை செய்ததா என்று அறிய, கடைசி மணிக்கு முன் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: காலையில் என்ன கதை? மதியம் என்ன செய்தாய்? கதை மட்டும் நினைவிருந்தால் செயல் வாக்கியத்தைத் திருத்துங்கள். செயல் மட்டும் நினைவிருந்தால் கதையைச் சுருக்குங்கள். இரண்டுமே இல்லையென்றால், கடைசி வரிசைக்கு மைக் கேட்கிறதா, பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்களா என்று மறுநாள் பின்னால் போய் நின்று பாருங்கள்.