கோயில் கணக்கு முடங்கினால், பொருளாளர் என்ன எழுத வேண்டும்?

கும்பாபிஷேகத் திருப்பணிக்கு வசூல் நடந்துகொண்டிருந்த எங்கள் தெருக் கோயிலில், ஸ்தபதிக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. கணக்கில் 3,42,000 ரூபாய் இருந்தது. வங்கிக்குப் போய் விசாரித்தபோதுதான் காரணம் தெரிந்தது. வாசலில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டை வழியாக வந்த 5,001 ரூபாய், வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தில் ஒரு பகுதியாம்.

பணத்தைப் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்தால், அந்தப் பணம் கைமாறிய கணக்குகளை எல்லாம் போலீஸ் தேடிப் பிடிக்கும். அப்படித்தான் எங்கள் கணக்கும் சிக்கியது. இதனால் கோயில் குற்றம் செய்துவிட்டது என்று ஆகிவிடாது. ஆனால் இத்தகைய முடக்கத்தில் பெரும்பாலும் பணம் வெளியே போவது மட்டுமே நிற்கும். உள்ளே வருவது நிற்காது. பக்தர்கள் அனுப்ப அனுப்ப, அந்தப் பணமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதனால் பொருளாளர் முதலில் க்யூஆர் அட்டையைக் கழற்றினார். பிறகு உறுப்பினர்களுக்கு இப்படி எழுதினார்:

“அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் நன்கொடைக் கணக்கு செவ்வாய்க்கிழமை முதல் முடக்கப்பட்டுள்ளது. சர்ச்சைக்குரிய தொகை 5,001 ரூபாய். மீதிப் பணம் கணக்கில் அப்படியே இருக்கிறது. மறு அறிவிப்பு வரும்வரை அந்தக் கணக்குக்கு யாரும் பணம் அனுப்ப வேண்டாம். வேறு எந்த எண்ணையும் நாங்கள் தரவில்லை. நிர்வாகிகளின் சொந்தக் கணக்கிலும் வாங்க மாட்டோம். கோயிலில் நேரில் கொடுத்து ரசீது பெறலாம். வங்கிக் கணக்கு விவர நகலை ஞாயிறு மாலை யாரும் வந்து பார்க்கலாம்.”

தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்ட இதே கடிதம் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டது. காரணம் உண்டு. “கணக்கு முடங்கிவிட்டது, இந்தப் புது எண்ணுக்கு அனுப்புங்கள்” என்பது மோசடிக்காரர்களும் எழுதக்கூடிய வாசகம்தான்.

அடுத்து, புகார் எண், காவல் நிலையத்தின் பெயர், சர்ச்சைத் தொகை ஆகிய மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கினார். சங்கப் பதிவுச் சான்று, ரசீதுப் புத்தக நகல், கணக்கு விவரம் ஆகியவற்றை இணைத்து விசாரணை அதிகாரிக்கு மனு அனுப்பினார். 5,001 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவிக்க வேண்டும் என்பதே கோரிக்கை. சர்ச்சைத் தொகை இவ்வளவு என்று சொல்லாமல் கணக்கு முழுவதையும் முடக்கிவைப்பது சரியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. மனுவுக்குப் பதில் வராவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம். அந்த 5,001 ரூபாயை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். அது தவறு, அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டும் என்பதைச் சட்டம்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் கோயிலிலிருந்து இப்படி ஒரு செய்தி வந்தால், பணம் அனுப்புமுன் பொருளாளரை நேரில் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.